கிளையன்டுக்காகக் கைக்காசு போட்டுக் கட்டிய தொகைக்கு ஜிஎஸ்டி உண்டா? புதிதாக ஆபீஸ் போட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தம்புச் செட்டித் தெருவிலோ தண்டையார்பேட்டையிலோ புதிதாக ஆபீஸ் போட்ட ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, வரி ஆலோசகர் எல்லோரும் பில் போடும்போது வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஃபீஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதில் குழப்பமே இல்லை. கிளையன்டுக்காக நாம் கட்டிய அரசுக் கட்டணம், ஆட்டோ காசு, கூரியர், ரயில் டிக்கெட் இவற்றையெல்லாம் திரும்ப வாங்கும்போதுதான் குழப்பம். அவற்றுக்கும் வரி போட வேண்டுமா?

சிலர் எல்லாவற்றுக்கும் வரி போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ‘ரீஇம்பர்ஸ்மென்ட்’ என்று தலைப்பு வைத்து, அதன் கீழ் வருவது எதற்கும் வரி போடுவதில்லை. இரண்டும் தவறு. சட்டம் தலைப்பைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எடுத்து, இது யாருடைய செலவு என்று கேட்கிறது.

பொது விதி சிஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் செய்த வேலைக்காகக் கிளையன்ட் தரும் விலையே வரிக்குரிய மதிப்பு. வேலையை ஒட்டி நீங்கள் செய்த சில்லறைச் செலவுகளைக் கிளையன்டிடம் வசூலித்தால் அதுவும் அந்த மதிப்பில் சேரும். அதாவது, திரும்ப வாங்கும் பணத்துக்கும் வரி உண்டு என்பதுதான் தொடக்கம். இதற்கு விலக்கு தருவது 2017ஆம் ஆண்டு சிஜிஎஸ்டி விதிகளில் 33ஆம் விதி. கிளையன்ட் சார்பில் மூன்றாம் ஆளுக்குப் பணம் கட்டி, கட்டிய அசலை மட்டும் திரும்ப வாங்குகிறவரை அந்த விதி பியூர் ஏஜென்ட் என்கிறது. விலக்கு கேட்பவர் நீங்கள் என்பதால், அதன் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறியதைக் காட்ட வேண்டியவரும் நீங்கள்தான்.

பாரிமுனைப் பக்கம் சில மூத்தவர்கள் இன்னமும் ஒன்று சொல்வார்கள்: “ரீஇம்பர்ஸ்மென்டுக்கு வரி கிடையாதுப்பா, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.” அவர்கள் சொல்லும் தீர்ப்பு இருப்பது உண்மைதான். இன்டர்கான்டினென்டல் கன்சல்டன்ட்ஸ் வழக்கில் 2018 மார்ச்சில் வந்தது. ஆனால் அது பழைய சேவை வரிச் சட்டத்தைப் பற்றியது. சேவை வரியிலேயே 2015 மே மாதத்தில் சட்டத்தைத் திருத்தி, திரும்ப வாங்கும் செலவுகளையும் மதிப்பில் சேர்த்துவிட்டார்கள். இன்றைய ஜிஎஸ்டி பில்லுக்கு அந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது.

முதல் படி: இது யார் தலையில் விழுந்த செலவு?

ஒவ்வொரு செலவுச் சீட்டையும் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் என்கிற ஆள் நடுவில் இல்லாவிட்டாலும் கிளையன்ட் இந்தப் பணத்தை இந்த இடத்தில் கட்டியே ஆக வேண்டுமா?

கம்பெனியின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கட்டணம் கம்பெனியின் தலையில் விழுவது. வர்த்தக முத்திரை விண்ணப்பக் கட்டணம் விண்ணப்பதாரரின் தலையில் விழுவது. நீங்கள் கட்டினாலும் அவரே போய்க் கட்டினாலும் ரசீது அவர் பேரில்தான் வரும். 33ஆம் விதியே இப்படி ஓர் உதாரணத்தைத் தருகிறது. கம்பெனி தொடங்கும் வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் ஒன்று, பெயர் ஒப்புதலுக்கும் பதிவுக்கும் கம்பெனிப் பதிவாளரிடம் கட்டிய கட்டணத்தைக் கிளையன்டிடம் திரும்ப வாங்குகிறது. அந்தக் கட்டணம் கிளையன்ட் மீது கட்டாயமாக விதிக்கப்பட்டது, அதனால் மதிப்பில் சேராது என்கிறது விதி.

ரயில் டிக்கெட் அப்படியில்லை. பயணம் போனது நீங்கள். அந்தச் சேவையை வாங்கி உங்கள் வேலையை முடிக்கப் பயன்படுத்தியதும் நீங்கள். கிளையன்டுக்கு ரயில்வேயிடம் எந்தக் கடனும் இல்லை. கிளையன்ட் வேலைக்காகத்தான் போனேன், ஒரு ரூபாய் கூட லாபம் வைக்கவில்லை என்று சொன்னாலும் விடை மாறாது. லாபம் வைக்காமல் இருப்பது நிபந்தனைகளில் ஒன்று, அவ்வளவுதான். கூரியர், பிரிண்ட், ஜெராக்ஸ், ஆட்டோ, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் இந்த வகையில்தான் போகும்.

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றி இருக்கும் கிளியரிங் ஏஜென்டுகளிடம் இந்தப் பிரிவினையைப் பார்க்கலாம். இறக்குமதியாளர் பேரில் வந்த சுங்கத் தீர்வையும் துறைமுகக் கட்டணமும் பில்லில் ரசீது எண்ணோடு ஒரு பக்கம் நிற்கும். ஏஜென்சிக் கட்டணம் வரியோடு இன்னொரு பக்கம் நிற்கும். நம் தொழில் வேறானாலும் விதி ஒன்றுதான்.

இரண்டாம் படி: பணம் கட்டும் முன் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

கிளையன்டின் அனுமதியின் பேரில்தான் மூன்றாம் ஆளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்கிறது விதி. பியூர் ஏஜென்டாகச் செயல்பட இரு தரப்புக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது முத்திரைத்தாளில்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் வாய்ப்பேச்சை மூன்று வருஷம் கழித்து எந்த அதிகாரியிடம் எப்படிக் காட்டுவீர்கள்? வேலையை ஏற்கும்போது அனுப்பும் கடிதத்திலேயே இப்படி ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்:

“எங்கள் நிறுவனத்தின் மீது சட்டப்படி விதிக்கப்படும் அரசுக் கட்டணங்களையும் முத்திரைத் தீர்வையையும், கீழே பட்டியலிட்டுள்ள மூன்றாம் தரப்புச் சேவைகளுக்கான தொகையையும் எங்கள் சார்பில், எங்கள் பியூர் ஏஜென்டாகச் செலுத்த உங்களுக்கு அனுமதி தருகிறோம். நீங்கள் செலுத்திய அசல் தொகையை மட்டும், ரசீது நகலோடு, உங்கள் பில்லில் தனியாகக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.”

கிளையன்ட் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். பிறகு ஒவ்வொரு கட்டணத்துக்கு முன்பும் தொகையைக் குறிப்பிட்டு ஒரு மெயில் அனுப்பி, ‘சரி, கட்டுங்கள்’ என்று பதில் வாங்கி வையுங்கள்.

கிளையன்ட் முன்பணம் தந்தால் அது எதற்கு என்று அன்றைக்கே பிரித்து எழுதுங்கள். சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதக் கணக்கிலேயே அதற்கு ஜிஎஸ்டி காட்டிக் கட்ட வேண்டும். அரசுக் கட்டணத்துக்காக வாங்கியது அப்படியில்லை. ‘பத்தாயிரம் வரவு’ என்று மொத்தமாக எழுதி வைத்தால், எது எவ்வளவு என்று பின்னால் நீங்களே சொல்ல முடியாது. அரசுக் கட்டணத்துக்கென வாங்கியதில் மீதி இருந்தால் திருப்பித் தாருங்கள். ஃபீஸில் கழித்துக்கொண்டால் அந்த மீதி ஃபீஸாகிவிடும், அதற்கு வரி உண்டு.

மூன்றாம் படி: சீட்டு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்

அரசுக் கட்டணங்களில் சிக்கல் குறைவு. போர்ட்டலில் சலான் கிளையன்ட் பேரிலேயே வந்துவிடும். சிக்கல் வருவது கிளையன்டுக்காக ஒரு தனியாரிடம் சேவை வாங்கித் தரும்போது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கிளையன்டின் பங்குகளுக்கு மதிப்பீட்டு அறிக்கை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கட்டணம் ₹10,000, ஜிஎஸ்டி ₹1,800, மொத்தம் ₹11,800.

அவர் பில்லைக் கிளையன்ட் பேரில், கிளையன்டின் ஜிஎஸ்டி எண்ணோடு போட்டால் கணக்கு சுத்தம். நீங்கள் ₹11,800 கட்டுகிறீர்கள், கிளையன்டிடம் அதே ₹11,800ஐ வரி சேர்க்காமல் வாங்குகிறீர்கள். ₹1,800 இன்புட்டைக் கிளையன்ட் எடுத்துக்கொள்கிறார். அறிக்கையும் அவருடையது.

பில் உங்கள் பேரில் வந்து, இன்புட்டையும் நீங்கள் எடுத்துக்கொண்டால், அந்தச் சேவையை உங்கள் தொழிலுக்காக வாங்கியதாக நீங்களே அறிவித்துவிட்டீர்கள். அப்புறம் பியூர் ஏஜென்ட் என்று சொல்ல வாய் இல்லை. அதிலும் தப்பில்லை. ₹10,000ஐ உங்கள் பில்லின் மதிப்பில் சேர்த்து, அதன் மேல் ₹1,800 வரி போடுங்கள். கிளையன்டுக்கு வரும் மொத்தம் அதே ₹11,800தான்.

கெட்டுப்போவது நடுவில் நிற்பவர்களுக்குத்தான். பில் உங்கள் பேரில் இருக்கிறது, ஆனால் பியூர் ஏஜென்ட் என்று ₹11,800ஐ வரியில்லாமல் வாங்குகிறீர்கள். கிளையன்ட் பேரில் பில் இல்லாததால் அவருக்கு இன்புட் கிடைக்காது. நீங்களும் எடுக்க முடியாது. ₹1,800 யாருக்கும் இல்லாமல் போகிறது. எடுத்துவிட்டால் அதிகாரி முதலில் கை வைப்பது அங்கேதான். ஆகவே வேலையை ஒப்படைக்கும் அன்றே மதிப்பீட்டாளரிடம், பில் யார் பேரில், எந்த எண்ணில் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். போட்ட பில்லை மாற்றச் சொல்லி அலைவதைவிட இது எளிது.

நான்காம் படி: அசல் தொகை, ஒரு ரூபாய் கூடாமல்

₹4,500 கட்டிவிட்டு ‘கவர்ன்மென்ட் ஃபீஸ் ₹5,000’ என்று ரவுண்டாக எழுதும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அலைச்சலுக்கு ஐந்நூறு என்று நியாயம் சொல்வார்கள். பியூர் ஏஜென்ட் அசல் தொகையை மட்டுமே வாங்க வேண்டும் என்பது 33ஆம் விதியின் விளக்கத்திலேயே இருக்கும் நிபந்தனை. அது உடைந்தால் கூடுதல் ஐந்நூறு மட்டும் ஃபீஸ் என்று பேசி முடிக்க முடியாது, ஐயாயிரமும் கேள்விக்குள்ளாகும். அலைச்சலுக்கு ஐந்நூறு வேண்டுமா? ஃபீஸில் ஐந்நூறு கூட்டிக் கேளுங்கள். அதுதான் நேர்மையான வழி, கணக்குக்கும் நல்லது.

‘எல்லாம் சேர்த்து பதினைந்தாயிரம்’ என்று பேக்கேஜ் பேசுவதும் இதே வகை. அரசுக் கட்டணம் உள்ளே அடங்கிய ஒற்றைத் தொகை என்றால் முழுத் தொகைக்கும் வரி. புதிதாக வருகிறவர்கள் போட்டிக்காக இப்படிப் பேசிவிட்டு, பில் போடும்போது அரசுக் கட்டணத்தைக் கழிக்கப் பார்க்கிறார்கள். பேசும்போதே ஃபீஸ் இவ்வளவு, அரசுக் கட்டணம் தனி என்று சொல்லிவிடுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் இந்த இடத்தில் வரும். பலர் அதை மொத்தமாக வாங்கி வைத்து, கொஞ்சம் லாபம் வைத்து டைரக்டர்களுக்குத் தருகிறார்கள். லாபம் வைப்பது உங்கள் உரிமை. ஆனால் அது உங்கள் விற்பனை, வரியோடுதான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: அதே பில்லில் தனி வரிசையில் காட்டுங்கள்

ஃபீஸுக்கு ஒரு பில், செலவுக்கு லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு தாள் என்று அனுப்புகிறவர்கள் உண்டு. கிளையன்டுக்குக் கொடுக்கும் இன்வாய்ஸில் அந்தத் தொகையைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. தனித் தாள் அனுப்பினால் நிபந்தனை நிறைவேறியதா என்ற வீண் சர்ச்சைக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். ஒரே இன்வாய்ஸில், வரிக்குரிய பகுதியை முடித்து வரியைக் கூட்டிய பிறகு, அதற்குக் கீழே எழுதுங்கள்.

சரி, ஒரு முழு பில்லைப் போட்டுப் பார்ப்போம். தண்டையார்பேட்டையில் ஒரு கம்பெனி செக்ரட்டரி, வர்த்தக முத்திரை முகவராகவும் பதிந்தவர். கிளையன்ட் திருவொற்றியூரில் மசாலாத்தூள் அரைக்கும் சின்ன பிரைவேட் லிமிடெட். பங்கு மூலதனம் ₹10 லட்சம், உத்யம் பதிவு உண்டு. வேலை இரண்டு: மசாலாவின் பெயரை ஒரு வகுப்பில் வர்த்தக முத்திரையாகப் பதிய விண்ணப்பிப்பது, கம்பெனியின் ஆண்டுத் தாக்கல்களை முடிப்பது. ஃபீஸ் இரண்டுக்கும் சேர்த்து ₹18,000.

செலவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்போம். வர்த்தக முத்திரை ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம், சிறு நிறுவனச் சலுகையில், ₹4,500. விண்ணப்பதாரர் கம்பெனி, ரசீதும் அதன் பேரில். கட்டும் முன் மெயிலில் சம்மதம் இருக்கிறது. இது பியூர் ஏஜென்ட்.

`AOC-4`, `MGT-7A` படிவங்களுக்கு ₹10 லட்சம் மூலதனத்தில் தலா ₹400, ஆக ₹800. இதுவும் பியூர் ஏஜென்ட். தாமதமாகியிருந்தால் படிவத்துக்கு ஒரு நாளைக்கு ₹100 கூடுதல் கட்டணம் ஏறியிருக்கும், அதுவும் கம்பெனியின் மீது விழுவதுதான். தாமதம் உங்களால் என்று நீங்களே ஏற்றுக்கொண்டு கட்டினால், அது பில்லுக்கே வராது.

டைரக்டருக்கு டிஜிட்டல் கையெழுத்து. ₹1,500 விலை, ₹270 வரி கொடுத்து உங்கள் பேரில் வாங்கினீர்கள். கிளையன்டுக்கு ₹2,000 விலை. இது உங்கள் விற்பனை, ₹2,000க்கு வரி. ₹270 உங்களுக்கு இன்புட்.

கம்பெனியின் விருதுநகர்க் கிளையில் பதிவேடுகளைப் பார்க்கப் போய்வந்த ஸ்லீப்பர் டிக்கெட் ₹700, ஆட்டோ ₹600. ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ரயில்வே ஜிஎஸ்டி வாங்குவதில்லை. டிக்கெட்டிலேயே வரி இல்லாதபோது நான் எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். கிளையன்டுக்கு நீங்கள் பயணம் விற்கவில்லை, ஆலோசனை விற்கிறீர்கள். பயணச் செலவு அந்த ஆலோசனையின் விலையில் ஒரு பகுதி. ஆலோசனைக்கு என்ன விகிதமோ அதுவே இதற்கும். ஆக ₹1,300க்கும் 18 சதவீதம்.

கூரியர் ₹500, வரி ₹90, சீட்டு உங்கள் பேரில். ₹90ஐ இன்புட்டாக எடுத்துக்கொண்டால் கிளையன்டிடம் ₹500ஐ மட்டும் மதிப்பில் சேருங்கள். ₹590ஐச் சேர்த்து அதன்மேல் வரி போட்டால், நீங்கள் அரசிடம் திரும்பப் பெற்ற ₹90ஐக் கிளையன்டிடமும் வாங்கியதாகும். அதற்கு மேலும் வரி ஏற்றியதாகும். இந்தப் பிழையை நான் அடிக்கடி பார்க்கிறேன். யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள், ஆனால் கிளையன்டுக்கு அநியாயம்.

இப்போது பில்:

```
தொழில்முறைக் கட்டணம்            18,000
டிஜிட்டல் கையெழுத்து              2,000
பயணம்                           1,300
கூரியர்                            500
வரிக்குரிய மதிப்பு               21,800
சிஜிஎஸ்டி 9%                     1,962
எஸ்ஜிஎஸ்டி 9%                    1,962
கூட்டு                          25,724
பியூர் ஏஜென்டாகச் செலுத்தியது:
  வர்த்தக முத்திரைக் கட்டணம்       4,500
  AOC-4, MGT-7A கட்டணம்           800
மொத்தம்                         31,024
```

பியூர் ஏஜென்ட் தொகை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரசீது எண்ணும் தேதியும் எழுதி, ரசீது நகலை இணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் வரி போட்டிருந்தால் ₹5,300க்கு ₹954 கூடுதலாக வாங்கியிருப்பீர்கள். பயணத்தையும் கூரியரையும் கீழே தள்ளியிருந்தால் ₹324 குறைவாகக் கட்டியிருப்பீர்கள். ஒரு பில்லில் சின்னத் தொகை. வருஷம் முழுக்க நாற்பது கிளையன்டுக்கு இப்படியே போனால், வரியோடு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டியும் சேரும். அந்த வரியைப் பழைய கிளையன்டிடம் போய்க் கேட்கவும் முடியாது, உங்கள் கையிலிருந்துதான் போகும்.

சந்தேகம் வரும் செலவை என்ன செய்வது?

கிளையன்ட் இன்புட் எடுக்கக் கூடியவரா என்று முதலில் கேளுங்கள். மணலியில் இருக்கும் ஒரு சாதாரண ஜிஎஸ்டி பதிவு பெற்ற கம்பெனி என்றால், நீங்கள் போடும் வரியை அது இன்புட்டாக எடுத்துக்கொள்ளும், அதற்குச் சுமை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், நிபந்தனை நிறைவேறியதா என்று தடுமாறும் செலவுக்கு வரி போட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அரை மணி நேரம் வாதாடி மிச்சப்படுத்தும் வரியால் யாருக்கும் ஆதாயம் இல்லை.

காசிமேட்டில் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர், பள்ளிக்கூடம் நடத்தும் டிரஸ்ட், பதிவே இல்லாத சிறு வியாபாரி இவர்கள் நிலை வேறு. நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாய் வரியும் அவர்கள் பையிலிருந்து போகிறது. “கவர்ன்மென்டுக்குக் கட்டினதுக்கு மேலே எதுக்கு சார் ஜிஎஸ்டி?” என்று அவர் கேட்டால், கேள்வி சரியான கேள்வி. இவர்களுக்கு முன்கூட்டியே கடிதம், கிளையன்ட் பேரில் சீட்டு, அசல் தொகை, பில்லில் தனி வரிசை என எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து தர வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

முடிந்த இடத்திலெல்லாம் கட்டணத்தைக் கிளையன்டையே நேராகக் கட்டவிடுங்கள். நீங்கள் படிவத்தைத் தயார்செய்து, பணம் கட்டும் பக்கத்தில் அவருடைய நெட் பேங்கிங்கிலோ யுபிஐயிலோ கட்டச் சொன்னால், பியூர் ஏஜென்ட் என்ற பேச்சே எழாது. ஆனால் இதே தந்திரத்தை உங்கள் ரயில் டிக்கெட்டுக்குச் செய்து தப்பிக்க நினைக்காதீர்கள். ஒப்பந்தப்படி நீங்கள் ஏற்க வேண்டிய செலவைக் கிளையன்ட் கட்டினால், அதையும் மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது 15ஆம் பிரிவு. பயண ஏற்பாடு கிளையன்டின் பொறுப்பு என்று ஆரம்பக் கடிதத்திலேயே இருந்தால் அது வேறு கதை.

வழக்கறிஞர்களுக்கு ஒரு வார்த்தை. தொழில் நிறுவனத்துக்கு நீங்கள் தரும் சட்ட சேவைக்கு வரி கட்டுவது பொதுவாகக் கிளையன்ட்தான், ரிவர்ஸ் சார்ஜில். ஆனாலும் எந்தத் தொகைக்குக் கட்டுவது என்பதற்கு இதே விதிதான். கோர்ட் ஃபீஸைத் தனியாகக் காட்டாமல் ஃபீஸோடு கலந்து பில் போட்டால், அதற்கும் சேர்த்துக் கிளையன்ட் வரி கட்டுவார்.

ஆறாம் படி: கணக்குப் புத்தகமும் ரிட்டர்னும்

பியூர் ஏஜென்டாகக் கட்டியதை உங்கள் செலவாகவும், திரும்ப வாங்கியதை வருமானமாகவும் எழுதாதீர்கள். டாலியில் ‘கிளையன்ட் சார்பில் செலுத்தியது’ என்று ஒரு லெட்ஜர் திறந்து, கட்டும்போது பற்று, வாங்கும்போது வரவு எழுதுங்கள். வருஷக் கடைசியில் அதில் நிற்கும் மீதி, இன்னும் வர வேண்டிய பணமாகத்தான் இருக்க வேண்டும். மீதி வரவுப் பக்கம் நின்றால் இரண்டில் ஒன்று: முன்பணம் மிச்சமிருக்கிறது, அல்லது கட்டியதற்கு மேல் வாங்கியிருக்கிறீர்கள். அந்த ஒரு லெட்ஜரைப் பார்த்தே உங்கள் பில்லிங் ஒழுங்கைச் சொல்லிவிடலாம்.

`GSTR-1`இல் மேலே சொன்ன பில்லுக்கு வரிக்குரிய மதிப்பு ₹21,800 மட்டும். ₹5,300ஐ வரிவிலக்குச் சேவை என்று விலக்குப் பட்டியலில் போடுகிறார்கள் சிலர். அது விலக்குச் சேவை இல்லை, உங்கள் சேவையின் மதிப்பிலேயே சேராத தொகை. விலக்கு என்று காட்டினால், விலக்குச் சேவைக்கு ஈடாக இன்புட்டில் ஒரு பங்கைத் திருப்பச் சொல்லும் கணக்குக்குத் தேவையில்லாமல் வழிவிடுகிறீர்கள்.

இன்னும் ஜிஎஸ்டி பதிவு எடுக்காதவர்களுக்கும் இது முக்கியம். தமிழ்நாட்டில் சேவைக்கான வரம்பு வருஷத்துக்கு ₹20 லட்சம். ஃபீஸ் ₹17 லட்சம், கிளையன்டுகளுக்காகக் கட்டித் திரும்ப வாங்கிய அரசுக் கட்டணம் ₹4 லட்சம் என்றால், பேங்க் கணக்கில் ₹21 லட்சம் வரவு தெரியும். நிபந்தனைகளை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால் உங்கள் மொத்த வருவாய் ₹17 லட்சம்தான். அதே ₹4 லட்சம் பயணமும் லாட்ஜும் என்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

கடைசியாக டிடிஎஸ். கிளையன்டின் கணக்காளர் பல நேரம் அரசுக் கட்டணத்தையும் சேர்த்து டிடிஎஸ் பிடித்துவிடுவார். அப்போது வருமான வரி போர்ட்டலில் உங்கள் வரவு ஒரு தொகையாகவும், ஜிஎஸ்டி ரிட்டர்னில் அதைவிடக் குறைவாகவும் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பிடித்து `ASMT-10` நோட்டீஸ் வருவதுண்டு. வந்தால் பதற வேண்டாம். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் `ASMT-11`இல் பதில் போடுங்கள். பதிலோடு ஒரு பட்டியல் வையுங்கள்: கிளையன்ட் பெயர், பில் எண், டிடிஎஸ் பிடித்த தொகை, அதில் பியூர் ஏஜென்ட் பகுதி, ரசீது எண். பட்டியலின் ஒவ்வொரு பதிவுக்கும் சம்மதக் கடிதம், ரசீது, இன்வாய்ஸ் மூன்றின் நகலும் இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு இதைத் தேடித் தயாரிப்பது கடினம். பில் போட்ட அன்றே மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டுவிடுங்கள். அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை அந்த ஃபைலை வைத்திருக்க வேண்டும்.